உள்பக்கம் ஒட்டிய ஈயம்

வீலுக்கு ஏன் ஈயம் அடிக்கிறார்கள் என்று ஒரு ராணுவச் சிப்பாய்க்கு, மொட்டை வெயிலில் நின்று, சிங்களத்தில் விளக்கிப் பாருங்கள். உங்கள் சிங்களத்தின் லட்சணம் அப்போது தெரியும். என்னுடையது எனக்குக் கிருலப்பனைச் செக்பொயின்ற்றில் தெரிந்தது.

யுத்த காலம். நுகேகொடையில் ஒரு சிங்களச் சட்டத்தரணி அம்மாவுக்கு நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரை மெடம் என்றுதான் கூப்பிடுவேன். காலையில் புதுக்கடை நீதிமன்றத்தில் இறக்குவது, பின்னேரம் வீட்டில் கொண்டுபோய் விடுவது, இடையில் சொல்கிற இடத்துக்கெல்லாம் ஓடுவது என் வேலை. நானும் மனைவியும் வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒற்றை அறையில் இருந்தோம். வவுனியாவிலிருந்து வந்தவர்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கிடந்தது. அப்படிப்பட்ட ஒருவன் கொழும்பில் இருக்க வேண்டுமானால் ஏன் இருக்கிறான் என்று பொலிசுக்குக் காரணம் காட்ட வேண்டும். என்னுடைய காரணம் மெடம் எழுதித் தருகிற கடிதம். இவர் என்னிடம் சாரதியாக வேலை செய்கிறார் என்று இரண்டு வரி. பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் அது புதிதாக வேண்டும்.

மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பார்த்த டொக்டர், இந்த முறை பிள்ளை வேண்டுமென்றால் குலுங்குகிற பயணம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் எங்கள் கணக்கு மிகவும் சுருக்கமானது. கடிதம் இல்லையென்றால் வவுனியா பஸ். பஸ் என்றால் பிள்ளை இல்லை.

அன்றைக்கு மெடம் ஒரு வழக்குக் கோப்பை வீட்டிலே மறந்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் கிருலப்பனையில் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் முகத்தைப் பார்த்தான், பிறகு காரைச் சுற்றினான். முன் இடது வீலில் நின்றுவிட்டான். அதற்குச் சில நாள் முன்புதான் அந்த வீலுக்குப் புது ரயர் போட்டு பலன்ஸ் பண்ணியிருந்தோம். மற்ற மூன்று வீலிலும் விளிம்பில் பழைய ஈயம் தூசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. இதில் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளவென்று ஒரு விரல் அளவு துண்டு. "மே மொகத?" என்று கேட்டான். இது என்ன என்கிறான்.

ஈயம் என்றேன். அதுவே பிழையான தொடக்கம். ஈயம் என்றதும் அவனுக்குக் குண்டுதான் ஞாபகம் வரும் என்று யோசித்திருக்க வேண்டும். வீல் ஒரு பக்கம் பாரமாக இருக்கும், அதற்கு எதிர்ப்பக்கம் பாரம் வைப்பார்கள் என்று சொல்லப் பார்த்தேன். பாரமாக இருக்கிற வீலுக்கு இன்னும் பாரம் ஏன் வைக்கிறாய் என்று கேட்டான். என்னிடம் இருந்த சிங்களத்துக்கு அது பதில் இல்லாத கேள்வி. அவன் துப்பாக்கிக் கத்தியின் நுனியால் அதை நெம்பிக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான். என்னை ஓரத்தில் நிற்க வைத்தான். அவனுடைய மேலதிகாரி வரும்வரை வெயில் முழுவதும் என் தலையில்தான் இறங்கியது. அதிகாரி வந்து பார்த்துச் சிரித்தான், போகச் சொன்னான், ஈயத்தை ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தான். திருப்பித் தந்திருந்தாலாவது ஒரு சுத்தியலோடு முடிந்திருக்கும் விசயம். சிரித்துவிட்டு எறிவதற்குத்தான் அவனுக்குப் பதவி கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஏன் பிந்தியது என்று மெடம் கேட்டபோது ரோட்டில் நெரிசல் என்றேன். மறித்து வைத்திருந்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ராணுவம் மறித்து வைத்த ஆளை நாளைக்கும் காரில் முன்னே இருத்தி வைக்க யாருக்கு மனம் வரும்? அவர் நல்லவர்தான். ஆனால் நல்லவர்களுக்கும் பயம் உண்டு, அந்த நாட்களில் அது நியாயமான பயம்தான்.

மறுநாள் அவர் நீதிமன்றத்துக்குள் போனதும் கொட்டாஞ்சேனைக்குக் காரை விட்டேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு ரயர் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். எல்லோருக்கும் அவர் நானா. நான் கொழும்புக்கு வந்த புதிதில் கொட்டாஞ்சேனையில் தங்கியிருந்தபோதே தெரியும். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். போன நேரம் கறண்ட் இல்லை. பலன்ஸ் பண்ணுகிற பெரிய மெசின் மூலையில் போர்வை போர்த்துப் படுத்திருந்தது. கறண்ட் வெட்டிய நாட்களுக்கென்று நானா ஒரு பழைய சாமான் வைத்திருந்தார். ஒரு தண்டு, மேலே கூம்பு மாதிரி ஒரு முனை, அதன் நடுவில் மேசன்மார் மட்டம் பார்க்கிற குமிழி. வீலைக் கழற்றி அதன்மேல் தட்டையாகப் படுக்க வைத்தால், எந்தப் பக்கம் பாரமோ அந்தப் பக்கம் சரியும். குமிழி லேசான பக்கத்துக்கு ஓடும். ஓடின பக்கத்தில் ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார். குமிழி நடுவுக்கு வந்தால் வேலை சரி.

நானா மிச்சமாக உள்பக்கம் கிடந்த பழைய துண்டையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து பார்த்தார். நாற்பது கிராமில் குமிழி நடுவுக்கு வந்தது. அதை வெளி விளிம்பில் பாதியும் உள் விளிம்பில் பாதியுமாக அடிக்கப் போனார். நான் தடுத்தேன்.

"வெளிப்பக்கம் ஒண்டும் வேண்டாம் நானா. எல்லாத்தையும் உள்ளுக்க ஒட்டுங்கோ. கண்ணுக்குத் தெரியக்கூடாது."

ஏன் என்று கேட்டார். செக்பொயின்ற் கதையைச் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு, இந்த மாதிரி அலோய் வீல் வைத்திருப்பவர்கள் வடிவு கெட்டுவிடும் என்று இப்படிக் கேட்பதுண்டு, ஆனால் அவர்களுக்கும் நான் சொல்லித்தான் விடுவேன் என்றார்.

"இந்தக் குமிழி வீல் படுத்து ஈக்கிற நேரத்துப் பாரத்தத்தான் காட்டும், தம்பி. பாரம் வெளிப்பக்கமா உள்பக்கமா எண்டு அதுக்குத் தெரியாது. கறண்ட் வந்த பொறகு ஒருக்கா வாங்க, சுத்திப் பாப்பம்."

சரி என்றேன். பின்பக்கம் பிசின் உள்ள துண்டுகளை, சொக்கிலேற்றுக் கட்டி மாதிரி வரிசையாக வருமே, அவற்றை வீலின் உள் வளைவில் ஒட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி. அன்று பின்னேரம் அதே கிருலப்பனையில் மறித்தபோது வீல் பக்கம் ஒருவனும் குனியவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நானாவிடம் திரும்பிப் போகவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றால் துறைமுகப் பக்கத்துச் செக்பொயின்ற்றைத் தாண்ட வேண்டும். ஊருக்குள் ஓடுகிற வேகத்தில் கார் ஒரு குறையும் சொல்லவில்லை. நுகேகொடையிலிருந்து புதுக்கடைக்குப் போகிற ரோட்டில் யார்தான் வேகமாக ஓட முடியும். பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற காருக்கு வீல் எப்படி இருந்தாலும் ஒன்றுதான்.

பிறகு மெடத்துக்குக் குருநாகலில் ஒரு வழக்கு வந்தது.

விடிய வெளிக்கிட்டோம். நிட்டம்புவையைத் தாண்டி ரோட்டு திறந்ததும் காலை அழுத்தினேன். எண்பதுக்கு வந்ததும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. மேலும் கீழும் துள்ளுகிற நடுக்கம் அல்ல. இடமும் வலமுமாக, குளிர்காய்ச்சல்காரன் கை மாதிரி ஒரு நடுக்கம். வேகத்தைக் குறைத்தால் நின்றது, கூட்டினால் வந்தது. இறங்கி வீல் நட்டுகளை எல்லாம் இறுக்கிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. மறுபடி எண்பது, மறுபடி நடுக்கம். பின் சீற்றில் மெடம் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்துவிட்டு முன் சீற்றைப் பிடித்துக்கொண்டார். என்ன இது என்று கேட்டார். வீல் பலன்ஸ், மெடம், ஆபத்து இல்லை, என்றேன். ஆபத்து இல்லை என்று நான் சொன்ன விதத்திலேயே அவருக்குப் பயம் கூடியிருக்கும். மிச்சத் தூரம் முழுவதும் அறுபதுக்கு மேலே போகவில்லை. வழக்குக்குப் பிந்திப் போனோம்.

அவருடைய கணவர் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மாத்தயா என்றுதான் சொல்வேன். என்னோடு அதிகம் பேச மாட்டார். பேசினாலும் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், காரைப் பார்த்துத்தான் பேசுவார். அன்று பின்னேரம் நாங்கள் வந்ததும் மெடம் சொல்லியிருக்கிறார். மாத்தயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு வீலாகக் குனிந்தார். முன் இடது வீலின் உள்ளே கையை விட்டுத் தடவினார். அவருடைய விரல்கள் அந்த ஈயக் கட்டிகளில் நின்றன.

அப்போது அவருடைய கண்ணால் என்னைப் பார்த்தேன். ஒரு தமிழ் சாரதி. கார் காரணமில்லாமல் நடுங்குகிறது. வீலின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், புதிதாக எதையோ ஒட்டி வைத்திருக்கிறான். நானே அவருடைய இடத்தில் இருந்தால் நல்லதாக எதையும் நினைத்திருக்க மாட்டேன்.

இது என்ன என்று கேட்டார். பலன்ஸ் ஈயம் என்றேன். ஏன் உள்ளே என்றார். அலோய் வீலின் வடிவு கெடாமல் இருக்க, மாத்தயா, என்றேன். அவர் எழும்பி மற்ற மூன்று வீலையும் காட்டினார். அவற்றில் வெளி விளிம்பில் ஈயம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அந்த மூன்றுக்கும் வடிவு வேண்டாமா என்று கேட்டார். பொய் சொல்கிறவன் நாலு வீலுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் ஒன்றுக்கு மட்டும் சொல்லிவிட்டேன்.

பொலிசுக்குச் சொல்வோம் என்றார் மாத்தயா. மெடம் வேண்டாம் என்றார். சட்டத்தரணி அல்லவா, முதலில் காரணம் என்னவென்று தெரிய வேண்டும் என்றார். நாளைக்கு இதை ஒட்டின கடைக்கே போவோம், நானும் வருகிறேன், மாத்தயாவும் வருவார் என்று என்னிடம் சொன்னார். என் பதிவுக் கடிதத்தை அந்தக் கிழமைதான் கேட்டு வைத்திருந்தேன். ரைப் பண்ணி வாசல் மேசையில் கிடந்தது. கையெழுத்து இல்லை. சாவியை வைக்கப் போனபோது பார்த்தேன். மெடம் அதன்மேல் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். சொன்னேன். அவள் அழவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஒளிச்சதுக்குத்தானே அவை பயப்பிடினம். உள்ளதைச் சொன்னால் என்ன?"

உள்ளதைச் சொன்னால் ராணுவம் மறித்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். எனக்கு அவளிலே கோபம் வந்தது. உண்மையில் அவளில் அல்ல. கானுக்குள் ஈயத்தை எறிந்தவனில் வந்த கோபம், அவனிடம் காட்ட முடியாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

மறுநாள் கடையில் கறண்ட் இருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம். நானா எங்கள் மூன்று பேரையும் பார்த்தவுடனே விசயத்தைப் பிடித்துவிட்டார். அவருடைய சிங்களம் நீதிமன்றத்திலே பேசலாம் என்கிற சிங்களம். அவர்கள் இருக்க இரண்டு கதிரை எடுத்துப் போட்டு, முதலில் அந்த வீலைக் கழற்றிக் குமிழித் தண்டின்மேல் படுக்க வைத்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. மாத்தயா குனிந்து பார்த்தார்.

எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் நடுங்குகிறது என்று கேட்டார். அவருடைய குரலில் ஒரு தீர்ப்பு இருந்தது. வீலில் பிழை இல்லையென்றால் பிழை ஓட்டுகிறவனில், இல்லாவிட்டால் அவன் வேறு ஏதோ செய்திருக்கிறான் என்பது அதன் அர்த்தம். நானே நட்டு இறுக்கிப் பார்த்தவன், நானே ஓட்டினவன், ஆனால் அந்த நிமிஷம் எனக்கே என்னில் சந்தேகம் வந்தது.

நானா வீலை எடுத்து மெசினின் தண்டில் நிமிர்த்தி மாட்டினார். வீல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, அகலம் என்ன, விட்டம் என்ன என்று அளந்து கொடுத்து, மூடியை இறக்கினார். வீல் சீறிக்கொண்டு சுழன்று நின்றது. சிவப்பு எழுத்தில் இரண்டு எண்கள் வந்தன. உள்பக்கத்துக்கு இன்னும் நாற்பத்தைந்து கிராம் வேண்டும். வெளிப்பக்கத்துக்கும் நாற்பத்தைந்து. நானா வீலைக் கையால் உருட்டி, மெசின் காட்டின இரண்டு இடத்தையும் சோக்கால் குறித்தார். ஒன்று வீலின் இந்தப் பக்கத்தில், மற்றது நேர் எதிர்ப்பக்கத்தில்.

படுத்திருக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், அதனால்தான் குமிழி நடுவில் நிற்கிறது என்றார் நானா. சுழலும்போது அப்படி அல்ல. உள்பக்கத்துப் பாரம் ஒரு பக்கம் இழுக்கும், வெளிப்பக்கத்துப் பாரம் அதே நேரத்தில் மறுபக்கம் இழுக்கும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை இழுவை மாறும். மாடி வீட்டிலிருந்து அலுமாரி இறக்கும்போது பாருங்கள், முன்னுக்குப் பிடித்தவன் சுவர்ப்பக்கம் இழுத்துப் பின்னுக்குப் பிடித்தவன் படிப்பக்கம் இழுத்தால் பாரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆனால் அலுமாரி திரும்பும் என்று சிங்களத்தில் சொன்னார். மெடம் தலையை ஆட்டினார். அவர்கள் வீடு மாறின அனுபவம் இருந்திருக்கும்.

பிறகு நானா உள்பக்கத்து ஈயக் கட்டிகளை உரித்து எடுத்தார். மாத்தயா அதைக் கையில் வாங்கி, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தார். ஈயம்தான். வெறும் வீலை மறுபடி சுழற்றினார். இப்போது உள்பக்கத்துக்கு இருபத்தைந்து, வெளிப்பக்கத்துக்கு நாற்பத்தைந்து. இரண்டும் ஒரே கோட்டில் இல்லை, வீலின் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நின்றன. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு துண்டாக வைக்கச் சொன்னால் குமிழி நாற்பது என்று ஒரு இடத்தைக் காட்டும், வீல் துள்ளாது, ஆனால் ஆடும் என்றார். சில வீலுக்கு ஒரு துண்டு போதும், இந்த வீலுக்கு இரண்டு பக்கமும் வேண்டும், வெளிப்பக்கம் கட்டாயம் வேண்டும். சுத்தியலால் இரண்டு துண்டையும் அதனதன் இடத்தில் அடித்தார். மூன்றாம் முறை சுழற்றினார். இரண்டு எண்ணும் சைபர்.

எனக்கு மூச்சு வந்தது. மாத்தயா மட்டும் சைபரைப் பார்க்கவில்லை. ஈயத்தை முழுக்க உள்ளே ஒட்டச் சொன்னது யார் என்று நானாவைக் கேட்டார்.

நானா என்னைப் பார்க்கவே இல்லை. எங்கள் கடையில் அலோய் வீலுக்கு அப்படித்தான் செய்வது, அன்று கறண்டும் இல்லை, பிழை எங்களுடையது என்றார். அந்தப் பொய்யை அவர் எனக்காகச் சொல்லத் தேவையில்லை. சொன்னார். அவருடைய கடையின் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று சொன்னார். அதை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் மெடம் பேலியகொடைப் பக்கமாக விடச் சொன்னார். கண்டி ரோட்டில் ஏறி வேகமாக ஓட்டு என்றார். எண்பது, தொண்ணூறு. ஸ்டியரிங் கையில் இருப்பதே தெரியவில்லை. கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்தேன். முன் சீற்றைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாத்தயா என் பக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இறங்கியதும் மாத்தயா உள்ளே போய்விட்டார். மெடம் நின்றார். நீதிமன்றத்தில் சாட்சியைக் கேட்கிற மாதிரி, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் உள்ளே ஒட்டச் சொன்னது அவர் இல்லை, அப்படித்தானே?"

என் மனைவி கேட்ட கேள்வி அப்போது ஞாபகம் வந்தது. பொய்யால் பட்டது போதும் என்றும் இருந்தது. என்னிடம் இருந்த சிங்களம் முழுவதையும் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன்.

"நான்தான் மெடம். வெளியில் இருந்ததை ஆமிக்காரன் ஒருவன் கழற்றி, என்னவென்று கேட்டு, என்னை மறித்து வைத்திருந்தான். அன்றைக்குத்தான் கோப்பு பிந்தியது. மறுபடி மறிப்பான் என்ற பயத்தில் உள்ளே ஒட்டச் சொன்னேன்."

அவருக்குக் கண் கலங்கின மாதிரி எனக்குத் தெரிந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதை முதலே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். உள்ளே போனார். கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு வந்தார். அதை இரண்டாக மடித்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டேன். அன்று இரவு மனைவி அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள். உள்ளதைச் சொன்னது நல்லதுதானே என்றாள். நானும் ஓம் என்றேன்.

மறுநாள் காலையில் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மெடம் கறுப்புக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வந்தார். நான் கதவைத் திறந்தேன். அவர் ஏறவில்லை. மாத்தயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். முன் இடது வீலில் குனிந்து, உள்ளே கையை விட்டு, ஒரு சுற்றுத் தடவினார். பிறகு முன் வலது. பிறகு பின்னால் இரண்டும். கையைத் துணியில் துடைத்தார். தலையை ஆட்டினார். அதன் பிறகே மெடம் ஏறினார்.

கணவனும் மனைவியும் இரவு கதைத்திருக்கிறார்கள், அது இயற்கைதான். மறைத்தேன் என்பதை மெடம் மன்னித்துவிட்டார். ராணுவம் இந்தக் காரை ஒருமுறை மறித்து வைத்திருந்தது என்பதை மாத்தயாவால் மறக்க முடியவில்லை. ராணுவம் சும்மா மறிக்குமா என்று அவர் நினைத்திருப்பார். அவரிடம் போய் சும்மாதான் மறித்தது என்று சொல்ல என்னிடம் எந்த மெசின் இருக்கிறது.

அடுத்த நாளும் தடவினார். அதற்கடுத்த நாளும். மழை பெய்தால் ஒரு கையில் குடையோடு வருவார். முதலில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். கடிதம் ஞாபகம் வரும், கிளினிக் ஞாபகம் வரும், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். களுபோவிலையில் எனக்கு மகள் பிறந்தாள். மெடம் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார், பிள்ளையைத் தூக்கினார், ஒரு வெள்ளிக் கொலுசு போட்டார். அவர் என்னை நம்பவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதற்கு அடுத்த காலையும் மாத்தயா சாரத்தை மடித்துக்கொண்டு வந்தார். மகளுக்கு எத்தனை கிலோ என்று வீலுக்குள் கையை விட்டபடியே கேட்டார். சொன்னேன்.

அந்த வீட்டில் பல வருஷம் ஓட்டினேன். ஸ்டியரிங் ஒருநாளும் நடுங்கவில்லை.

ஒருமுறை மாத்தயா காய்ச்சலில் படுத்துவிட்டார். காலையில் காரை வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். மெடம் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வந்து கதவடியில் நின்றார். ஏறவில்லை. என்னையும் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போனது. நீதிமன்றத்துக்குப் பிந்துகிறதே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் எதற்காக நிற்கிறார் என்று விளங்கியது. நான் சேர்ட் கையை மடித்துவிட்டேன். முன் இடது வீலில் குனிந்து, உள்ளே கையை விட்டு, ஒரு சுற்றுத் தடவினேன். பிறகு முன் வலது. பிறகு பின்னால் இரண்டும். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து தலையை ஆட்டினேன். மெடம் ஏறினார்.